முட்டைக்குள் பச்சை வளையம்: கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

"எனக்கு 27 வயது, ஐந்தாவது மாதம். ரத்தம் 9.4தான் இருக்கிறது என்று சொல்லி டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்து, தினமும் இரண்டு முட்டையும் சாப்பிடச் சொன்னார். காலை ஆறு மணிக்கு முட்டையை அடுப்பில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவேன், வந்து அடுப்பை அணைத்தால் கிளம்பும்வரை அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும். ஒன்றைக் காலையில் டீயோடு சாப்பிட்டுவிட்டு அப்போதே மாத்திரையும் போட்டுக்கொள்வேன், இன்னொன்றை உரித்து டப்பாவில் எடுத்துப்போய் ஒரு மணிக்குச் சாப்பிடுவேன். கொஞ்ச நாளாக மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சையாக, சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருக்கிறது, நாற்றமும் வருகிறது. கூட வேலை பார்க்கும் அக்கா, கோழிக்கு ஊசி போட்ட கெமிக்கல் அது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றில் அது விஷ வாயு என்று இருந்தது. முட்டையிலிருக்கும் இரும்புச்சத்துதான் அப்படிக் கெட்டுப்போகிறது என்று என் கணவர் எங்கேயோ படித்திருக்கிறார். மாமியாரோ நாட்டுக்கோழி முட்டை வாங்கி அரைவேக்காட்டில் சாப்பிடு, சத்தும் போகாது, பச்சையும் வராது என்று ஆஃப் பாயில் போட்டுத் தருகிறார். நான்கு நாளாக அதைத்தான் சாப்பிடுகிறேன். இதுவரை சாப்பிட்ட பச்சை வளைய முட்டையால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?"

– பெயர் வேண்டாம், திருப்பூர்

குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள நினைத்திருப்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். முட்டை அதிக நேரம் வெந்தது, மெதுவாக ஆறியது என்பதைத்தான் அந்த வளையம் காட்டுகிறது, வேறெதையும் காட்டவில்லை. அது விஷமில்லை, ஊசியில் ஏற்றிய ரசாயனமும் இல்லை. இத்தனை மாதம் சாப்பிட்டிருந்தாலும் சரி, இன்னும் சாப்பிட்டாலும் சரி, உங்களுக்கோ வயிற்றிலுள்ள குழந்தைக்கோ அதனால் கெடுதல் வராது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஆஃப் பாயில்தான். பயப்பட வேண்டாத ஒன்றுக்குப் பயந்து, பயப்பட வேண்டிய பக்கம் போய்விட்டீர்கள். இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் வளையத்தின் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாமல் "பயப்படாதே" என்று மட்டும் கேட்டுக்கொண்டால் அடுத்த வாட்ஸ்அப் வந்ததும் பயமும் கூடவே வந்துவிடும்.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது

முட்டையின் வெள்ளைக்கருவில் பெரும்பகுதி தண்ணீர், மீதியில் பெரும்பகுதி புரதம். அந்தப் புரதத்தில் கந்தகம் உண்டு. இது யாரும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை, நம் தலைமுடியிலும் நகத்திலும் இருக்கும் புரதத்தில்கூட கந்தகம் இருக்கிறது. வெள்ளைக்கரு சூடாகும்போது அந்தக் கந்தகத்தில் கொஞ்சம் பிரிந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவாக மாறும். அவித்த முட்டைக்கென்று ஒரு வாசனை இருக்கிறதே, அது பெரும்பாலும் இந்த வாயுவுடையதுதான். முட்டை சாப்பிட்ட வெள்ளிக் கரண்டி கறுத்துப்போவதும் இதே கந்தகத்தால்தான்.

முட்டையிலுள்ள இரும்பில் ஏறக்குறைய எல்லாமே மஞ்சள்கருவில்தான் இருக்கிறது, ஒரு முட்டைக்குச் சுமார் 1 மில்லிகிராம். வெளியிலிருந்து சூடு ஏற ஏற, வெள்ளைக்கருவில் உண்டான வாயு சூடு குறைந்த உட்பக்கத்தை நோக்கி நகர்ந்து, மஞ்சள்கருவின் விளிம்பில் இந்த இரும்பைச் சந்திக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு. உண்மையில் அதன் நிறம் கறுப்பு. ஆனால் மிக மெல்லிய படலமாக மஞ்சள் நிறத்தின் மேல் படிந்திருப்பதால் நம் கண்ணுக்குச் சாம்பல் கலந்த பச்சையாகத் தெரிகிறது. வளையம் எப்போதும் வெள்ளையும் மஞ்சளும் தொடும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கும், வெள்ளைக்கருவின் நடுவிலோ மஞ்சள்கருவின் மையத்திலோ இருக்காது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊசியில் ஏற்றிய மருந்தோ மயில்துத்தமோ இப்படி எல்லைக்கோடு பார்த்து, ஒவ்வொரு முட்டையிலும் அதே இடத்தில், அதே கனத்தில் போய் உட்காராது.

எல்லா முட்டையிலும் கந்தகமும் இரும்பும் இருக்கும்போது சில நாள் மட்டும் ஏன் வளையம் வருகிறது? முதல் காரணம் நேரம். பத்து நிமிடம் வெந்த முட்டையில் வாயு கொஞ்சம்தான் உண்டாகிறது, இருபது முப்பது நிமிடம் வெந்தால் நிறைய. இரண்டாவது காரணம், ஆறும் விதம். அடுப்பை அணைத்த பிறகும் வெந்நீரில் கிடக்கும் முட்டை உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கிறது. சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் முதலில் ஆறி, வாயு உள்ளே போவதை விட்டு ஓட்டை நோக்கி வெளியே வரத் தொடங்கும், மஞ்சள்கருவை எட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாது: முட்டையின் வயது. கோழி இட்ட புதிதில் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். ஓட்டிலிருக்கும் நுண்துளைகள் வழியாக அது நாளாக நாளாக வெளியேறிவிடும். அது போகப் போக வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும், புது முட்டையில் பிஹெச் அளவு 7.6 போல இருப்பது பழைய முட்டையில் 9-ஐத் தாண்டிவிடும். காரத்தன்மை கூடினால் கந்தகம் இன்னும் சுலபமாகப் பிரியும், வளையமும் கெட்டியாக விழும். வெயில் காலத்தில், ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்த முட்டையில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொஞ்சம் பழைய முட்டைதான் ஓடு ஒட்டாமல் அழகாக உரியும், அதற்கும் காரணம் இதே காரத்தன்மைதான். அதனால் வழுவழுவென்று உரிந்து வந்த முட்டைக்குள் பச்சை வளையம் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நாட்டுக்கோழி முட்டையில் வராது என்பது சரியில்லை. அதிலும் அதே கந்தகம், அதே இரும்பு. அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் அதிலும் வளையம் விழும். மஞ்சள்கரு நல்ல ஆரஞ்சு நிறமாக இருந்தால் அந்த அளவுக்கு நம் கண்ணில் படாமல் போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

உங்கள் வீட்டில் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளித்துவிட்டு வர இருபது, இருபத்தைந்து நிமிடமாவது ஆகும். அதில் தண்ணீர் சூடேறும் நேரத்தைக் கழித்தாலும் பதினைந்து இருபது நிமிடம் தளதளவென்று கொதித்திருக்கும். அப்புறம் நீங்கள் சமைத்து, டப்பா கட்டி, புறப்படும்வரை ஒரு மணி நேரம் வெந்நீர்க் குளியல். வளையம் வராமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், கூட வேலை பார்க்கும் அந்த அக்காவும் மாமியாரும் நம்ப வேண்டுமென்றால் கண்ணால் பார்ப்பதுதான் நல்லது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு முட்டைகளை ஒரே பாத்திரத்தில் போடுங்கள். ஒன்றில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்து 11 நிமிடம் ஆனதும் கோடு போட்டதை எடுத்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள். மற்றது இன்னும் பதினைந்து நிமிடம் கொதிக்கட்டும், பிறகு அடுப்பை அணைத்து அதே தண்ணீரில் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் மஞ்சள் விளிம்புவரை மஞ்சளாக இருக்கும், மற்றதில் வளையம் தெளிவாக விழுந்திருக்கும். கோழிக்குப் போட்ட ஊசி இதற்குக் காரணம் என்றால் இரண்டிலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

"விஷ வாயு", "இரும்பு போச்சு"

வாட்ஸ்அப் செய்தியில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது, அதனால்தான் அது நம்பும்படி இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷ வாயுதான். பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளர்கள் உயிரிழக்கக் காரணமாகும் வாயுக்களில் அதுவும் ஒன்று. ஆனால் அங்கே மூடிய குழிக்குள் செறிந்து நிற்கும் வாயுவை மூச்சில் இழுக்கிறார்கள். முட்டையில் உண்டாவது மூக்கு கண்டுபிடிக்கும் அளவுதான், நம் மூக்குக்கு இந்த வாயுவை மிகமிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும் திறமை உண்டு. இரும்பு சல்ஃபைடு வயிற்று அமிலத்தில் கரைந்து மறுபடியும் கொஞ்சம் வாயுவைக் கொடுக்காதா என்று வேதியியல் படித்த யாராவது கேட்கலாம். கொடுக்கும். ஆனால் படலம் அத்தனை மெல்லியது, அதிலிருந்து வருவது அற்ப அளவு. நம் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதே வாயுவைத் தினமும் உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன, உடம்பு அதைச் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இரும்பு மாத்திரை போட ஆரம்பித்ததும் மலம் கறுப்பாகப் போயிருக்குமே? உடம்பில் சேராமல் மீந்த இரும்பு குடலில் கந்தகத்தோடு சேர்வதுதான் அதற்கும் பெரும்பாலும் காரணம். வளையத்திலிருக்கும் அதே பொருளை, அதைவிடப் பல மடங்கு அதிகமாக, உங்கள் உடம்பு ஏற்கெனவே பார்த்துவிட்டது.

உங்கள் கணவர் படித்தது பாதி சரி. முட்டையின் இரும்புதான் அந்த வளையத்தில் இருக்கிறது. ஆனால் விளிம்பிலிருக்கும் துளியளவு இரும்புதான் அப்படி மாறுகிறது, மஞ்சள்கருவின் மீதியெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அதைவிட முக்கியமான விஷயம், முட்டையை நம்பி ரத்தம் ஏறாது. முட்டையிலுள்ள இரும்பை மஞ்சள்கருவில் இருக்கும் ஒரு புரதம் இறுகப் பிடித்து வைத்திருப்பதால், வளையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் கொஞ்சம்தான் நம் உடம்பில் சேரும். டாக்டர் உங்களை முட்டை சாப்பிடச் சொன்னது அதிலுள்ள புரதத்துக்காகவும், பி12 போன்ற வைட்டமின்களுக்காகவும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலினுக்காகவும் இருக்கும். வளையம் விழுந்த முட்டையிலும் அதெல்லாம் இருக்கிறது. இரும்புக்கு மாத்திரைதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, முட்டையின் 1 மில்லிகிராமை அதோடு வைத்துப் பார்த்தாலே தெரியும்.

இங்கேதான் உங்கள் வழக்கத்தில் ஒன்றை மாற்ற வேண்டும். முட்டை, டீ, மாத்திரை மூன்றையும் ஒரே நேரத்தில் முடிக்கிறீர்கள். டீயிலிருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைச் சேரவிடாது, முட்டையும் தன் பங்குக்குத் தடுக்கும். மாத்திரையை முட்டைக்கும் டீக்கும் இரண்டு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொஞ்சம் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் இரவு சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும் முன் போடலாம். கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் அதையும் இதோடு சேர்க்காமல் வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்பதை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஆஃப் பாயில் ஏன் வேண்டாம்

சால்மொனெல்லா என்ற கிருமி முட்டை ஓட்டின் மேலும் இருக்கலாம், சில சமயம் கோழியின் உடம்பிலிருந்தே முட்டைக்குள்ளும் வந்திருக்கலாம். அது இருந்தால் நிறம் மாறாது, நாற்றம் வராது, முட்டை பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். அதைக் கொல்வது சூடு ஒன்றுதான், வெள்ளையும் மஞ்சளும் இரண்டும் கெட்டியாகும் அளவுக்குச் சூடு. ஆஃப் பாயிலில் மஞ்சள்கரு ஒழுகுகிறது என்றாலே அந்தச் சூடு அங்கே எட்டவில்லை என்று அர்த்தம். மற்றவர்களுக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். கர்ப்பிணிக்கு அதே காய்ச்சலும் நீரிழப்பும் கடுமையாகலாம், அரிதாகக் கிருமி ரத்தத்தில் கலந்து குழந்தையையும் பாதிக்கலாம். ஒவ்வொரு ஆஃப் பாயிலிலும் கிருமி இருக்கிறது என்று சொல்லவில்லை. பெரும்பாலான முட்டைகளில் இருக்காது. ஆனால் வளையத்தில் ஆபத்து பூஜ்யம், இதில் பூஜ்யமில்லை.

சாப்பிட்ட நான்கு நாளை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், முட்டை சாப்பிட்டதைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள். கடைசி ஆஃப் பாயிலுக்குப் பிறகு ஒரு வாரம்வரை ஒன்றும் வரவில்லையென்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

அரைவேக்காட்டில் சத்து போகாது என்று மாமியார் சொல்வது நம் பாட்டிகள் காலத்துப் பேச்சு, அன்போடு சொல்வதுதான். ஆனால் நடப்பது நேர்மாறு. வேகவைத்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு நமக்குச் செரித்துச் சேர்கிறது, பச்சையாகக் குடித்தால் ஏறக்குறைய பாதிதான். நாட்டுக்கோழி என்பதாலும் கிருமிக்கு விதிவிலக்கு கிடையாது. கொல்லையில் மேய்ந்த கோழியின் முட்டையில் எச்சம் ஒட்டியிருக்கும் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் அதிகம்கூட. மாமியாரிடம் விவாதம் பண்ண வேண்டாம். "டாக்டர் கெட்டியாக வேகவைத்துத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் அத்தை" என்று சொல்லி, அதே நாட்டுக்கோழி முட்டையை அவர் கையாலேயே பதினோரு நிமிடம் அவித்துத் தரச் சொல்லுங்கள். அவருக்கும் மனசு நிறையும்.

இணையத்தில் தேடினால் கர்ப்பிணிகள் ஒழுகும் மஞ்சள்கரு சாப்பிடலாம் என்று இங்கிலாந்து அரசே சொல்கிறது என ஒரு செய்தி கண்ணில் படலாம். அது உண்மைதான், 2017-இல் அப்படிச் சொன்னார்கள், ஆனால் அங்கே சிங்க முத்திரை குத்திய முட்டைகளுக்கு மட்டும். அந்த முத்திரைக்குப் பின்னால் கோழிகளுக்குத் தடுப்பூசி, பண்ணைச் சோதனை என்று ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. திருப்பூர் மளிகைக் கடை முட்டைக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

வளையமில்லாமல் அவிப்பது

ஆபத்தில்லை என்றாலும் வளையத்தைத் தவிர்க்க ஒரு காரணம் இருக்கிறது. அளவுக்கு மீறி வெந்த முட்டையில் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும், மஞ்சள்கரு தொண்டையில் அடைக்கும், அந்த வாசனையும் தூக்கலாக இருக்கும். ஏற்கெனவே குமட்டல் இருக்கும் நேரத்தில் அந்த நாற்றமே முட்டையை வெறுக்க வைத்துவிடும்.

முட்டை மூழ்கி மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி வைத்து, அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து 10 முதல் 11 நிமிடம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை என்றால் ஒரு நிமிடம் கூடுதலாக. குளிக்கப் போகும் முன் போடாதீர்கள், வந்த பிறகு போடுங்கள், போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கொதித்ததும் அணைத்து மூடிவைக்கும் முறையையும் சிலர் சொல்வார்கள். எரிவாயு மிச்சமாகும், ஆனால் மெல்லிய பாத்திரத்தில் இரண்டு முட்டைக்குக் கொஞ்சம் தண்ணீர் வைத்தால் அது சீக்கிரம் ஆறிவிடும், மஞ்சள்கரு நடுவில் வேகாமல் நின்றுவிடலாம். இப்போதைக்கு உங்களுக்கு அது வேண்டாம். குக்கரும் வேண்டாம், அங்கே சூடு 120 டிகிரிவரை போகும், சாதத்தோடு மூன்று விசில் விட்ட முட்டையில் வளையம் நிச்சயம்.

நேரம் முடிந்ததும் வெந்நீரைக் கொட்டிவிட்டு உடனே குளிர்ந்த தண்ணீர். வெயில் காலத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் ஐஸ் கட்டி போடுங்கள், இல்லையென்றால் இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றுங்கள். கையில் பிடித்தால் உள்ளே சூடு தெரியாத அளவுக்கு ஆற வேண்டும். ஆறும்போது முட்டை உள்ளே சுருங்கி ஓட்டுத் துளைகள் வழியாக வெளித்தண்ணீரைக் கொஞ்சம் இழுக்கும், அதனால் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். தண்ணீரில் உப்போ வினிகரோ போட்டால் வளையம் வராது என்பதற்கு ஆதாரமில்லை. உப்பு, விரிசல் விட்ட முட்டையிலிருந்து வெள்ளைக்கரு ஒழுகுவதைக் கொஞ்சம் தடுக்கும், அதோடு சரி.

சரியாக வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெட்டிப் பார்த்தால் மஞ்சள்கரு மையம்வரை ஒரே மாதிரி வெளிறிய மஞ்சளாக, உதிரும் பதத்தில் இருக்க வேண்டும். நடுவில் மட்டும் பளபளப்பாக, அடர் ஆரஞ்சாக, பிசுபிசுவென்று இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் வேண்டும். முட்டை கொஞ்சம் பழசாக இருந்தால் இத்தனை செய்தும் இலேசாக ஒரு சாம்பல் கோடு விழலாம். விழுந்தால் விழட்டும், சாப்பிடுங்கள். முட்டைக் குழம்புக்காக மறுபடி கொதிக்கவைக்கும்போதும் வளையம் வரும், அதுவும் இதேதான்.

மதிய டப்பா முட்டை

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். காலையில் உரித்த முட்டை மதியம் ஒரு மணிவரை டப்பாவுக்குள், மே மாத வெயிலில். வளையத்தைவிட இதுதான் நியாயமான கவலை. அவித்ததால் உள்ளே இருந்த கிருமி செத்திருக்கும், ஆனால் உரித்த கையிலிருந்தும் டப்பாவிலிருந்தும் புதிதாக ஒட்டியவை அந்த ஈரத்திலும் சூட்டிலும் நன்றாகப் பெருகும். அவித்த முட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான் என்பது பொதுவான பாதுகாப்புக் கணக்கு.

இரண்டு முட்டையையும் வீட்டிலேயே சாப்பிட்டுவிடலாம், காலையில் ஒன்று, மாலை வந்ததும் ஒன்று புதிதாக அவித்து. எனக்கு இதுதான் பிடித்த வழி. மதியமே வேண்டுமென்றால், அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் ஓட்டோடு கொண்டுபோய் அதில் வைத்துச் சாப்பிடும்போது உரித்துக்கொள்ளுங்கள். ஓட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்த அவித்த முட்டை ஒரு வாரம்வரை தாங்கும், உரித்தது அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். வாங்கி வரும் முட்டையையும் அடுப்பு மேடையில் வைக்காமல் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள், காரத்தன்மை ஏறுவது மெதுவாகும், வளையமும் குறையும்.

எந்தப் பச்சையைத் தூக்கிப் போட வேண்டும்

ஒரு பச்சை மட்டும் நிஜமாகவே கெட்டது. வேகவைக்கும் முன், முட்டையை உடைக்கும்போதே வெள்ளைக்கரு பச்சையாக, தண்ணியாக, வேண்டாத ஒரு வாசனையோடு இருந்தால் அது பாக்டீரியா வளர்ந்த முட்டை. மஞ்சள்கரு கறுத்திருப்பது, உடைத்ததும் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம், ஓடு பிசுபிசுப்பது, இவையும் அப்படித்தான். யோசிக்காமல் கொட்டிவிட்டுக் கையையும் பாத்திரத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள்கரு முழுவதுமே ஆலிவ் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது எப்போதாவது தட்டுப்படும். கோழித் தீவனத்தில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு கூடுதலாகப் போனால் அப்படி ஆவதுண்டு. ஆனால் உடைத்துப் பார்த்து எது என்று பிரித்தறிவது வீட்டில் சிரமம், அதனால் அதையும் ஒதுக்கிவிடுங்கள், ஒரு முட்டைதானே.

தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது வயதைத்தான் சொல்லும். படுத்தால் புதிது, செங்குத்தாக நின்றால் பழசு, மிதந்தால் ரொம்பவே பழசு. மிதப்பதை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள், நிற்பதை நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். ஓட்டில் விரிசலோ எச்சமோ இருக்கும் முட்டையைக் கடையிலேயே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரையை எந்த நேரத்தில், எதோடு சேர்த்துப் போட்டு வந்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். 9.4 எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும்போது, இத்தனை நாள் முட்டையோடும் டீயோடும் போன மாத்திரைகளையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.